49% ஆஃபர்னு போட்டிருக்கு, நெஜமாவா? விலை கிராஃப வச்சு கண்டுபிடிக்கறது எப்படி

எங்க பெரியம்மா பொண்ணு ஏற்காட்டுல ஒண்டிக்கடை பக்கம் சின்னதா ஒரு டிபன் கடை வச்சிருக்காங்க. செயில் ஆரம்பிச்ச அன்னைக்கு காலைல ஏழு மணிக்கே போன். "தம்பி, 8,490 ரூவா கிரைண்டர் 4,299க்கு போட்டிருக்கான், 49% ஆஃபராம், இன்னும் அஞ்சு மணி நேரம் தான் இருக்குன்னு கடிகாரம் வேற ஓடுது, போட்டுரட்டுமா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர், பழசு கல்லு வழவழன்னு ஆயிருச்சு, மாவு மைய ஆட்ட ஒன்றரை மணி நேரம் ஆகுதாம். "பத்து நிமிஷம் இருங்கக்கா, கிராஃப் பாத்துட்டு சொல்றேன்"னேன். "நான் கிரைண்டர் தானடா கேட்டேன்"ன்னாங்க.

அந்தப் பத்து நிமிஷத்துல என்ன பாத்தேன், எதை வச்சு வேண்டாம்னு சொன்னேங்கறத எழுதறேன். நீங்க பாக்கற கிராஃப்ல எந்த அறிகுறி தெரியுதோ அந்த இடத்துக்கு நேரா போயிக்கலாம், ஆனா முதல்ல கிராஃப சரியா திறக்கறத படிச்சுருங்க, பாதிப் பேரு அங்கயே தப்பு பண்றாங்க.

முதல்ல கிராஃப திறக்கறது

அமேசான்ல ஒவ்வொரு பொருளுக்கும் பத்து எழுத்துல ஒரு நம்பர் இருக்கு, பேரு ASIN. பொருளோட பக்கத்த ப்ரௌசர்ல திறந்தா லிங்க்ல `/dp/`க்கு அப்புறம் வர்றது அதுதான். ஆப்ல இருந்து ஷேர் பண்ணா குட்டி லிங்க்கா வரும், அதுல நம்பர் தெரியாது, அத ஒருதடவ ப்ரௌசர்ல திறந்தீங்கன்னா முழு லிங்க்கா மாறிரும். இல்லாட்டி பக்கத்துல கீழ போய் பொருள் விவரத்துல பாருங்க, ASINனு எழுதியே இருக்கும். அமேசான் பொருளோட பழைய விலைய எல்லாம் கிராஃபா காட்டற தளம் கீபா, அந்த நம்பர அதோட லிங்க்ல இப்படி ஒட்டுங்க:

```
https://www.amazon.in/dp/B0XXXXXXXX
https://keepa.com/#!product/10-B0XXXXXXXX
```

நம்பருக்கு முன்னாடி இருக்கற 10 தான் இந்தியா. அத 1ன்னு போட்டா அமெரிக்கா, டாலர்ல ஏதோ ஒரு கிராஃப் வரும், இல்ல ஒண்ணுமே வராது. "எனக்கு கிராஃபே வரலண்ணா"ன்னு சேலத்துல எங்க கடைக்கு வர்ற பசங்கள்ல பாதிக்கு இதுதான் கோளாறு.

கிராஃப் வந்ததும் மூணு விஷயம் சரி பண்ணிக்கோங்க. ஒண்ணு, காலம். மூணு மாசம்னு காட்டிட்டு நிக்கும், அத ஒரு வருஷம் இல்ல `All`னு மாத்துங்க, மூணு மாச கிராஃப வச்சு முடிவு பண்ணவே கூடாது, ஏன்னு கீழ சொல்றேன். ரெண்டு, நீலக் கோடு, அதாவது `New`. புதுப் பொருள விக்கற ஆளுங்கள்ல யாரு கம்மியா போட்டிருந்தாங்களோ அந்த விலை அது. நமக்கு வேண்டியது அதுதான், மத்த கலர எல்லாம் அணைச்சுருங்க, பழைய பொருளோட விலை கோடும் கூட இருந்தா கண்ணு குழம்பும். மூணு, `Close-up view` ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா கிராஃப் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்காது, நூறு ரூவா ஏறி இறங்குனது கூட சேர்வராயன் மலை மாதிரி தெரியும்.

ஃப்ளிப்கார்ட் பொருளுக்கு கீபா வேலைக்கு ஆகாது, அதுக்கு buyhatke மாதிரி வேற இருக்கு, லிங்க்க ஒட்டுனா கிராஃப் வரும். படிக்கற முறை ஒண்ணு தான்.

அறிகுறி: பக்கத்துல 49% ஆஃபர், கிராஃப்ல கோடு வருஷம் பூரா நேரா கிடக்கு

இதுதான் அதிகமா வர்ற கேஸ். நோய்னு கூட சொல்ல மாட்டேன், பழக்கம்னு வேணா சொல்லலாம்.

49%ங்கற கணக்கு எங்க இருந்து வருதுன்னா எம்ஆர்பில இருந்து. எம்ஆர்பிங்கறது எல்லா வரியும் சேத்து அதுக்கு மேல விக்கக் கூடாதுங்கற உச்சவரம்பு, அவ்ளோதான். அந்த விலைக்கு யாராவது ஒருத்தர் என்னைக்காவது வாங்குனாங்களாங்கறத அது சொல்லாது. கம்பெனிக்காரன் பெட்டில 8,490னு அடிச்சுட்டான்னா, அத வருஷம் பூரா 4,200க்கு வித்தாலும் பக்கத்துல வருஷம் பூரா 50% ஆஃபர்னு வந்துட்டே இருக்கும். நம்மூரு ஆடித் தள்ளுபடில துணில தொங்கற சீட்டுல ஒரு விலைய அடிச்சு பக்கத்துல சிவப்பு மைல இன்னொண்ணு எழுதியிருப்பாங்கல்ல, அதே தான்.

சேலம் செவ்வாப்பேட்டைல கொலுசு வாங்கப் போனா யாரும் பெட்டில ஒட்டுன விலைய பாக்க மாட்டாங்க, போர்டுல இன்னைக்கு வெள்ளி கிராம் என்ன ரேட்டுனு பாத்துட்டு தான் செய்கூலி பேசவே ஆரம்பிப்பாங்க. கிராஃப்ல இருந்து நாம எடுக்க வேண்டியதும் அந்த போர்டு ரேட்ட தான், அதாவது இந்தப் பொருள் வழக்கமா எந்த விலைல கெடக்குதுங்கறத. அத எடுக்க சராசரி எல்லாம் போட வேண்டாம். ஒரு வருஷ கிராஃப கண்ணால பாத்து, எந்த உயரத்துல கோடு அதிக நாள் படுத்துக் கிடக்குதுன்னு பாருங்க, அந்தக் கோட்டு மேல விரல வச்சா தேதியும் விலையும் வரும்.

அக்கா கேட்ட கிரைண்டருக்கு நான் பாத்தது இது. 365 நாள்ல ஏறக்குறைய 310 நாள் 4,199 பக்கத்துல, ஐம்பது ரூவா முன்னப்பின்ன. 20 நாள் கோடே இல்ல, ஸ்டாக் இல்லாத நாள். 25 நாள் 5,699. 10 நாள் 3,749, அதுவும் ரெண்டு தடவையா பிரிஞ்சு, ஜனவரி கடைசில ஆறு நாள், மே மாசம் நாலு நாள். அப்ப இந்த கிரைண்டரோட போர்டு ரேட் 4,199. இனிமே எம்ஆர்பிய மறந்துட்டு கணக்க இப்படி போடுங்க:

```
தள்ளுபடி % = (வழக்கமான விலை − இன்னைக்கு விலை) ÷ வழக்கமான விலை × 100
(4199 − 4299) ÷ 4199 × 100 = −2.4
```

மைனஸ். 49% ஆஃபர்னு கடிகாரம் ஓட்டி விக்கற பொருள் வழக்கத்த விட நூறு ரூவா கூட. அக்காகிட்ட சொன்னப்ப நம்பல, ஸ்க்ரீன்ஷாட் அனுப்புனதுக்கு அப்புறம் தான் நம்புனாங்க.

சும்மா நேரா கோடு இருந்து, இன்னைக்கு விலையும் அதே கோட்டுல இருந்தா, அத ஏமாத்துன்னு நான் சொல்ல மாட்டேன். ஆஃபர் இல்ல, அவ்ளோதான். அவசரமா வேணும்னா வாங்கிக்கலாம், அதே விலை தான் அடுத்த வாரமும் இருக்கும், கடிகாரத்துக்கு பயப்பட வேண்டாம்.

அறிகுறி: செயிலுக்கு முன்னாடி ஒரு மேடு, செயில் அன்னைக்கு இறக்கம்

அந்த 25 நாள் 5,699 இருக்கே, அது எங்க இருந்துச்சு தெரியுமா, செயில் ஆரம்பிக்கறதுக்கு சரியா முந்தின 25 நாள். கிராஃப்ல பாத்தா நேரா வர்ற கோடு திடீர்னு செங்குத்தா ஏறி, மேஜை மாதிரி தட்டையா நின்னு, செயில் அன்னைக்கு செங்குத்தா இறங்குது. இந்த மேஜைய பாத்தீங்கன்னா கொஞ்சம் நிதானிங்க.

ஆனா மேடு இருந்தாலே திருட்டுன்னு சொல்லிற முடியாது. கம்மியா விக்கற ஆள் கிட்ட சரக்கு தீந்து போச்சுன்னா அடுத்த ஆளோட விலை தான் கோடா வரும், அப்பவும் கோடு ஏறும், அவரு மறுபடி சரக்கு போட்டதும் இறங்கும். உண்மையாவே கம்பெனி விலைய ஏத்தியும் இருக்கலாம். இத பிரிக்க நான் மூணு விஷயம் பாப்பேன்.

முதல்ல, எந்த விலைக்கு திரும்பி வந்துச்சுன்னு. செம்பு விலை ஏறிடுச்சு, லாரி வாடகை ஏறிடுச்சுன்னு ஏத்துனவன் செயில் அன்னைக்கு சரியா பழைய இடத்துக்கே வந்து நிக்க மாட்டான், நடுவுல எங்கயாவது நிப்பான். இங்க கோடு 4,199ல ஏறி 4,149ல இறங்கிருக்கு, கிட்டத்தட்ட பழைய படிக்கட்டு தான், அக்காவுக்கு மட்டும் 4,299னு வந்தது ஏன்னு கீழ சொல்றேன்.

ரெண்டாவது, அதே மாடல்ல வேற கலர். அக்கா பாத்தது சிவப்பு. அதே கிரைண்டர் பச்சைலயும் இருந்துச்சு. கலர மாத்துனா ASINஉம் மாறும், அதுக்கு தனி கிராஃப். கம்பெனி விலைய ஏத்திருந்தா பச்சையும் அதே வாரம் ஏறியிருக்கணும்ல? பச்சைக் கிரைண்டர் கோடு அந்த 25 நாளும் 4,249லயே படுத்திருந்துச்சு. செயில் பேனர்ல வந்தது சிவப்பு மட்டும். எனக்கு இதுலயே விஷயம் முடிஞ்சுருச்சு.

மூணாவது, வேற தளத்துல அதே மாடல் நம்பரோட கிராஃப். அங்கயும் அதே நாள்ல ஏறியிருந்தா சந்தேகத்த பாதி குறைச்சுக்கலாம். பேர வச்சு தேடாதீங்க, பொருள் விவரத்துல இருக்கற மாடல் நம்பர வச்சு தேடுங்க, ஒரே பேர்ல 150 வாட் மோட்டார் ஒண்ணும் 110 வாட் மோட்டார் ஒண்ணும் இருக்கும்.

மேட்டுக்கு முன்னாடி கோடு அறுந்து ஒரு இடைவெளி இருந்துச்சுன்னா அது ஸ்டாக் தீந்த மேடா இருக்க வாய்ப்பு அதிகம். இடைவெளியே இல்லாம ராத்திரியோட ராத்திரியா ஏறுன மேடு தான் நெருடும், அத மேல சொன்ன மூணையும் வச்சு பாருங்க.

அறிகுறி: மேடு தெரியுது, ஆனா "சராசரிய விட 21% கம்மி"ன்னு கிராஃப் தளமே சொல்லுது

விஷயம் தெரிஞ்ச ஆளுங்களே விழற இடம் இது, நானும் ஒரு தடவ விழுந்திருக்கேன், அதனால இத கொஞ்சம் நின்னு சொல்றேன்.

விலை கிராஃப் காட்டற தளங்கள்ல பெரும்பாலும் 30 நாள் சராசரி, 90 நாள் சராசரின்னு ஒரு கட்டம் இருக்கும், பச்சைல "சராசரிய விட இவ்ளோ கம்மி"ன்னு போட்டிருக்கும். கிராஃப் படிக்க சோம்பல்பட்டு அத மட்டும் பாத்துட்டு வாங்கறவங்க நெறைய. அந்த சராசரிக்குள்ள மேடும் உக்காந்திருக்குங்கறத யோசிக்கறதில்ல.

நம்ம கிரைண்டருக்கே போட்டுப் பாப்போம். செயிலுக்கு முந்தின 30 நாள்ல 25 நாள் 5,699, மிச்சம் 5 நாள் 4,199. சராசரி 5,449. அதோட பக்கத்துல 4,299ஐ வச்சா 21% கம்மி. அடடா ஆஃபர்னு தோணும். 90 நாள்னா 25 நாள் 5,699, 65 நாள் 4,199, சராசரி 4,616, இப்ப 7% கம்மி. ஒரு வருஷத்துல அதிக நாள் கெடந்த விலையோட வச்சா 2.4% அதிகம். கிரைண்டரும் அதே, விலையும் அதே, எத்தன நாள பின்னாடி பாக்கறோங்கறத பொறுத்து ஆஃபர் 21ல இருந்து மைனஸுக்கு வந்துருச்சு. மூணு மாச கிராஃப வச்சு முடிவு பண்ணாதீங்கன்னு மேல சொன்னது இதுக்குத்தான்.

ஐரோப்பாவுல இதுக்கு ஒரு சட்டமே இருக்கு, 2022 மே 28ல இருந்து அமல்ல இருக்கு, தள்ளுபடின்னு சொன்னா அதுக்கு முந்தின 30 நாள்ல இருந்த ஆகக் கம்மியான விலைய தான் பழைய விலைன்னு காட்டணும். சராசரி இல்ல, ஆகக் கம்மி. நம்ம கிரைண்டர் அங்க இருந்திருந்தா பழைய விலை 4,199னு தான் போட்டிருக்கணும், தள்ளுபடின்னு சொல்லவே முடியாது. ஆனா இதே மேட்ட 25 நாளுக்கு பதிலா 35 நாள் நிக்க வச்சிருந்தா அந்தச் சட்டத்தையும் தாண்டியிருக்கும், அதனால நாம ஒரு வருஷம் பாக்கறது தான் பத்திரம்.

அறிகுறி: கிராஃப் இருக்கு, ஆனா 20 நாள் சரித்திரம் தான் இருக்கு

ரெண்டு காரணம் இருக்கலாம். நெஜமாவே புது மாடல், இல்லாட்டி பழைய பொருளையே புது லிஸ்டிங்கா போட்டது. புது லிஸ்டிங்க்கு புது ASIN, பழைய சரித்திரம் சுத்தமா போயிரும், 3,749க்கு வித்ததெல்லாம் யாருக்கும் தெரியாது.

பிரிச்சுப் பாக்க, பொருள் விவரத்துல மாடல் நம்பர எடுத்து கூகுள்ல தேடுங்க. கம்பெனி சொந்த சைட்லயோ வேற தளத்துலயோ அதே நம்பர் ஒரு வருஷமா இருந்தா அது புது மாடல் இல்ல, அந்தத் தளத்து கிராஃப வச்சு வழக்கமான விலைய எடுத்துக்கலாம். மாடல் நம்பர் கடைசில ஒரு எழுத்து மட்டும் சேந்து, மத்த வாட், லிட்டர், எடை எல்லாம் அச்சு அசலா ஒண்ணா இருந்தாலும் நான் பழைய மாடலோட கிராஃப தான் நம்புவேன். இதுல நான் தப்பா கூட இருக்கலாம், ஆனா காசு நம்முது.

எங்கயுமே சரித்திரம் கிடைக்கலன்னா ஆஃபர் நெஜமா பொய்யான்னு கிராஃப வச்சு சொல்ல முடியாது. அப்ப சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஏதாவது பாத்திரக் கடைல போய் அதே மாடலுக்கு ரேட் கேட்டுட்டு வர்றது தான் வழி, கல்லையும் தொட்டுப் பாத்துட்டு வரலாம்.

அறிகுறி: கிராஃப்ல ஒரு விலை, என் கார்ட்ல வேற விலை

அக்கா கேஸ்ல இதுவும் இருந்துச்சு. அந்த நேரத்துல கீபால நீலக் கோடு 4,149ன்னு காட்டுச்சு, அக்கா போன்ல 4,299. "பாரு, உன் கிராஃபே தப்பு"ன்னாங்க.

தப்பு இல்ல. என் போன்ல சேலம் பின்கோடு 636001 போட்டுப் பாத்தா 4,149க்கு ஒருத்தர் விக்கறாரு. ஏற்காடு 636601னு மாத்துன உடனே அந்த ஆள் காணாமப் போய், 4,299 ஆள் மேல வந்துட்டாரு. எல்லா விற்பனையாளரும் மலைக்கு அனுப்ப மாட்டாங்க, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற கூரியருக்கு பத்து கிலோவுக்கு மேல இருக்கற கிரைண்டர கொடுக்கறதுக்கு எத்தன பேரு தயாரா இருப்பாங்க சொல்லுங்க. கிராஃப்ல வர்றது இந்தியா முழுக்க இருக்கறதுல ஆகக் கம்மியான விலை, நம்ம பின்கோட அது கேக்கறதே இல்ல. அதனால மலைல இருக்கறவங்க கிராஃப எடுக்கறதுக்கு முன்னாடி பின்கோட போட்டு தனக்கு யாரு விக்கறாங்கன்னு பாத்துக்கணும், அந்தக் கம்மி விலை வேணும்னா சேலத்துல சொந்தக்காரங்க அட்ரஸ் போட்டுட்டு பஸ்ல ஏத்தி விடச் சொல்லலாம். அக்கா வீட்டுக்கு நெறைய சாமான் எங்க கடை அட்ரஸ்ல தான் வருது.

இன்னும் ரெண்டு விஷயம் கிராஃப்ல சேராது. பேங்க் கார்டு ஆஃபரும், டிக் பண்ணா குறையற கூப்பனும். இதுல கூப்பன் தான் விளையாட்டுக் காட்டும். விலைய 4,699னு வச்சுட்டு 500 ரூவா கூப்பன் கொடுத்தா கையில இருந்து போறது 4,199, ஆனா கிராஃப்ல கோடு 4,699ல நிக்கும். அப்படி கூப்பன் ஓடுன மாசத்த பாத்துட்டு "வழக்கமான விலை 4,699 போல இருக்கு"ன்னு நாமளே ஏமாந்துருவோம். பேங்க் கார்டு 10%ங்கறது அந்தப் பொருளோட ஆஃபர் இல்ல, அந்த கார்டோட ஆஃபர், எந்தப் பொருள வாங்குனாலும் வரும், அதனால ரெண்டையும் கூட்டி "60% ஆஃபர்"னு மனசுல போட்டுக்காதீங்க. டெலிவரி சார்ஜும் கோட்டுல சேராம இருக்கலாம், கடைசி பணம் கட்டற பக்கம் வரைக்கும் போய் நிக்கற தொகைய எடுத்து தான் மேல சொன்ன கணக்குல போடணும்.

அறிகுறி: ஒரே ஒரு நாள் விலை பாதாளத்துக்கு போயிருக்கு

வருஷம் பூரா 4,199, நடுவுல ஒரு நாள் 1,299. இத கண்டுக்காதீங்க. யாரோ ஒரு நம்பர தப்பா அடிச்சிருப்பாங்க, இல்ல ஜாரோட விலைய கிரைண்டர் பக்கத்துல போட்டிருப்பாங்க. "ஆகக் கம்மி விலை 1,299"ன்னு கட்டத்துல வரும், அது வரும்னு காத்திருந்தா கடைசி வரைக்கும் கடைல மாவு வாங்கித் தான் ஓட்டணும்.

இதுக்கு நேர் மாறா, ஒரு நாள் இறங்கி அப்படியே மேல ஏறாம அங்கயே நிக்கற படிக்கட்டு இருந்துச்சுன்னா அது செயிலே இல்ல, விலையே இறங்கிருச்சுன்னு அர்த்தம். ஏசி, 32 இன்ச்சுக்கு மேல டிவி இதோட கிராஃப்ல எல்லாம் 2025 செப்டம்பர் 22ல இப்படி ஒரு படிக்கட்டு தெரியும், ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆனது அன்னைக்கு தான். 128 ரூவா பொருள் 118 ஆகும், அதாவது கிட்டத்தட்ட 8% இறங்கணும். இதுக்கு முன்னாடி இருந்த விலைய வழக்கமான விலைன்னு எடுத்துக்கிட்டு கணக்கு போட்டீங்கன்னா வரிக் குறைப்பையே ஆஃபர்னு நெனச்சுப்பீங்க, அதனால ஏசிக்கும் டிவிக்கும் அந்தத் தேதிக்கு அப்புறம் உள்ள கோட்ட மட்டும் பாருங்க.

கடிகாரம் ஓடுது, "2 மட்டுமே பாக்கி"ன்னு வருது

கிராஃப்ல இது தெரியாது. ஆனா 2023 நவம்பர்ல மத்திய அரசு நுகர்வோர் பாதுகாப்புக்கு, ஆளுங்கள ஏமாத்தி வாங்க வைக்கற தந்திரங்களுக்கு எதிரா டார்க் பேட்டர்ன் விதிமுறைன்னு ஒண்ணு போட்டாங்க, பொய் அவசரம் காட்டறதும் அதுல தடை பண்ண பட்டியல்ல இருக்கு. அஞ்சு மணி நேரக் கடிகாரம் முடிஞ்சு மறுபடி அஞ்சு மணி நேரத்துல ஆரம்பிச்சா ரெண்டு தடவையும் நேரம் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கிராஃப் ஸ்க்ரீன்ஷாட்டோட தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் கொடுக்கலாம். எம்ஆர்பிக்கு மேல வாங்குனாலும் அங்க தான். ஆனா 8,490 எம்ஆர்பி போட்டு 4,299க்கு விக்கறான்னு மட்டும் சொல்லி புகார் போட்டா நிக்காது, உச்சவரம்புக்கு கீழ தான விக்கறான்.

சரி, எந்த விலைக்கு வாங்கறது

கீபால கணக்கு ஆரம்பிச்சு விலை குறைஞ்சா மெயில் வர்ற மாதிரி வச்சுக்கலாம். எத்தனைக்கு வைக்கறதுங்கறது தான் கேள்வி. ஆகக் கம்மி விலைக்கு வச்சா மெயிலே வராது, வழக்கமான விலைக்கு வச்சா தினமும் வரும். ஒரு வருஷத்துல ரெண்டு தடவையாவது வந்து, ஒவ்வொரு தடவையும் மூணு நாளுக்கு மேல நின்ன கம்மி விலைய எடுங்க, அதுக்கு கொஞ்சம் மேல வைங்க. நம்ம கிரைண்டர் 3,749ல ஆறு நாளும் நாலு நாளும் நின்னிருக்கு, நான் 3,850னு வச்சிருக்கேன். வழக்கமான 4,199ல இருந்து 8% தான். கேக்க சின்னதா இருக்கும், நெஜமான ஆஃபர் பெரும்பாலும் இந்த அளவுல தான் வரும்.

கீபா ஒவ்வொரு நிமிஷமும் விலைய பாக்கறதில்ல, அதிகம் பேரு பாக்கற பொருள அடிக்கடி பாக்கும், மத்தத எப்பவாவது தான். ரெண்டு மணி நேர ஆஃபர் வந்துட்டு போனா அதுக்கே தெரியாமப் போகலாம்.

அக்கா அந்த அஞ்சு மணி நேரத்துல கிரைண்டர் வாங்கல. சாயங்காலம் போன் பண்ணப்ப கடிகாரம் மறுபடி அஞ்சுல இருந்து ஓடிட்டு இருந்துச்சாம். பழைய கிரைண்டர் கல்லையும் குழவியையும் பஸ்ல கொடுத்து விட்டாங்க, நான் இங்க கொத்தக் கொடுத்து வாங்கி அடுத்த நாள் பஸ்லயே திருப்பி அனுப்புனேன். இப்ப மாவு முக்கால் மணி நேரத்துல ஆடுதாம். 3,850 மெயில் இன்னும் வரல.